ஒற்றைத் தோடு வழக்கு: செய்யாத குற்றத்துக்காகக் கனவில் கூண்டேறிய ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

வயது 38. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகைக்கடன் பிரிவில் எழுத்தர். கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஆலோசனைக்கு வந்தபோது அவர் சொன்ன குறை, "நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கமே இல்ல." கனவைப் பற்றி முதல் சந்திப்பில் அவர் வாய் திறக்கவில்லை. (இந்தப் பெண் குறிப்பிட்ட ஒருவர் அல்ல. இதே கனவோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து அமைத்த வரலாறு இது. சிகிச்சை முறை மட்டும் நடைமுறையில் உள்ளபடியே தரப்பட்டிருக்கிறது.)

இரண்டாம் சந்திப்பில் சொன்ன கனவு இது. நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறார். தபேதார் அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார். மூன்றாவது முறை கூப்பிடும்போது அது பிறந்த வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயராக மாறிவிடுகிறது. உள்ளே போய்க் கூண்டில் ஏறுகிறார். குற்றம்: ஓர் ஒற்றைத் தோட்டைத் திருடியது. மேசையில் முத்திரை வைத்த நகைப் பை இருக்கிறது. அதில் கட்டிய அட்டையில் கடன் எண், உறுப்பினர் பெயர், எடை, அடியில் அவருடைய கையெழுத்து. "இது உன் கையெழுத்துதானே?" என்று கேட்கிறார்கள். உற்றுப் பார்த்தால் எழுத்து கலைந்து வேறு ஏதோ ஆகிறது. நீதிபதியின் முகம் தெரியவில்லை. சாட்சிகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் எல்லோரையும் அவருக்குத் தெரியும். "நான் எடுக்கல" என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. தீர்ப்பு வாசிக்கப் பேனாவை எடுக்கும்போது விழிப்பு வந்துவிடுகிறது.

விழித்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்த்திருக்கிறது. அதைவிட மோசமானது, விழித்த பிறகும் இருபது நிமிடம், அரை மணி நேரம் "ஏதோ பண்ணிட்டேன்" என்ற உணர்வு போவதில்லை. கனவு என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை.

பின்னணி சுருக்கமானது. எட்டு மாதங்களுக்கு முன் சங்கத்தில் நகைக்கடன் தணிக்கை நடந்தது. பைகளைப் பிரித்து மறுபடி எடை போட்டார்கள். அவர் கையாண்ட பைகளில் குறை ஏதும் இல்லை. உடன் வேலை பார்த்த ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார். இவரிடம் ஒரு நாள் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி கேட்டார்: "உன் பேரும் அடிபடுதாமே, அப்படியா?" கனவு தொடங்கியது அந்த வாரம்தான்.

இந்தக் கனவைக் கேட்கிறவர்கள் முதலில் தேடுவது குற்றத்தை. வீட்டில் தேடினார்கள், அவரும் தேடினார். சின்ன வயதில் அக்காவின் தோட்டைத் தொலைத்தது நினைவுக்கு வந்ததும், "இதுதான் காரணம்" என்று ஒரு வாரம் அதையே நினைத்து அழுதிருக்கிறார். கனவு குறையவில்லை, கூடியது. காரணம் எளிது. மனசாட்சி உள்ள யாரைக் குடைந்தாலும் ஏதாவது ஒரு பழைய தவறு கிடைக்கும். கிடைத்ததைக் கனவோடு முடிச்சுப் போட்டுவிட்டால், செய்யாத குற்றத்துக்கு உண்மையான ஆதாரம் ஒன்று சேர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது.

நாங்கள் கேட்பது வேறு: இந்த நீதிமன்றம் எந்தச் சட்டப்படி நடக்கிறது? யார் அழைத்தார், குற்றச்சாட்டை யார் வாசித்தார், நிரூபிக்க வேண்டியவர் யார், சாட்சிகள் யார் யார், உங்களுக்கு என்ன செய்ய அனுமதி இருந்தது, எந்த நொடியில் விழித்தீர்கள். இந்த ஆறு கேள்விக்கும் விடையை ஒரு பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே நிஜ நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்று எழுதச் சொல்கிறோம். இரண்டும் எங்கே விலகுகின்றனவோ அங்கேதான் பயம் உட்கார்ந்திருக்கிறது.

இப்படிப்பட்ட விலகல் பழைய பதிவு ஒன்றிலும் உண்டு. சிக்மண்ட் ஃபிராய்ட் தம் நண்பரான ஒரு சட்ட அறிஞரின் கனவை எழுதியிருக்கிறார். வீட்டு வாசலில் போலீஸ்காரர் வந்து கைது செய்கிறார், குற்றம் சிசுக்கொலை. அந்தக் குற்றம் பிறந்த குழந்தையைத் தாய் கொல்வதற்கு மட்டுமே பொருந்தும் என்பது சட்டம் படித்த அவருக்குத் தெரியாதா என்று ஃபிராய்ட் கேட்கிறார், அவரும் ஒப்புக்கொள்கிறார். சட்டப்படி நிற்கவே முடியாத குற்றச்சாட்டு என்று தெரிந்ததும், பேச்சு அவருடைய நிஜக் கவலைக்குப் போகிறது: மணமான ஒரு பெண்ணோடு இருந்த உறவில் கரு உண்டாகிவிடக் கூடாதே என்ற கவலை. கனவு ஆசையின் நிறைவேற்றம் என்று ஃபிராய்ட் அங்கிருந்து போகும் முடிவை ஏற்க வேண்டியதில்லை. அவர் அந்தக் கேள்வியை எந்த இடத்தில் வைத்துக் கேட்டார் என்பதுதான் நமக்குப் பயன்படுவது.

நம் எழுத்தரின் பக்கத்துக்கு வருவோம். நிஜத்தில் குற்றச்சாட்டை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. கனவில் "நான் எடுக்கவில்லை" என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். நிஜத்தில் போலீஸ் அறிக்கையின் நகலையும் ஆவணங்களையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும், குற்றச்சாட்டை வாசித்து விளக்க வேண்டும். கனவில் காகிதமே இல்லை. நிஜத்தில், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 351-ஆம் பிரிவாக உள்ள விதிப்படி, நீதிபதி கேட்கும்போது குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்லாமலும் இருக்கலாம், அதற்காகத் தண்டிக்க முடியாது. கனவிலோ குரல் வராததே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. வழக்கறிஞர் இல்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்தபின் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"இந்த மாதிரி நடக்கற விசாரணை எங்கம்மா பாத்திருக்கீங்க? கோர்ட்ல இல்ல. வேற எங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க வீட்டுக் கூடத்துல, மேடம். பெரியப்பா வருவாரு. எல்லாரையும் நிக்க வச்சுக் கேப்பாரு. பேசினா எதுத்துப் பேசறான்னு சொல்வாங்க, பேசலன்னா முழுங்கறா பாருன்னு சொல்வாங்க."

செல்லப் பெயரில் கூப்பிட்டது ஏன், முதுகு காட்டியவர்களை அடையாளம் தெரிந்தது எப்படி என்பதெல்லாம் அங்கே விளங்கிவிட்டது. கனவில் நடந்தது சொந்தக்காரர்களின் விசாரணை, அதற்கு நீதிமன்றத்தின் மேசையும் கூண்டும் போட்டிருந்தார்கள். பந்தியில் சித்தி கேட்ட ஒரு வரிதான் அந்தக் கூடத்தை மறுபடி திறந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தணிக்கையில் அவர் மீது குற்றச்சாட்டு எழவில்லை. அதனாலேயே "இவர் குற்றமற்றவர்" என்று யாரும் எழுதித் தரவும் இல்லை. வழக்கு நடந்து விடுதலையானவருக்குத் தீர்ப்பின் நகல் உண்டு. சந்தேகம் மட்டும் பட்டவருக்கு எதுவும் கிடையாது. இப்படி முடிக்கப்படாமல் விடப்பட்டவர்களிடம் இந்தக் கனவு பிடிவாதமாக நிற்பதைப் பார்க்கலாம். பேனா எடுத்ததும் விழிப்பு வருவதும் இதனோடு பொருந்துகிறது: கனவுக்கு ஒரு முடிவு கிடைப்பதே இல்லை.

இந்த வீட்டில் நிலைமையைக் கெடுத்தது ஒரு பழமொழி. மாமியார் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கும்மா?" கேட்டவருக்கு அது தலைகீழாக விழுந்தது. பயம் இருக்கிறதே, அப்படியானால் மடியில் கனம் இருக்கிறதோ? பயத்தையே குற்றத்தின் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் இந்தக் கணக்குதான் நோயின் மையம். மடியில் எதுவுமே இல்லாதவர்கள்தான், அதிலும் கணக்கு வழக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் சங்கடப்படுகிறவர்கள்தான், இந்தக் கனவோடு அதிகம் வருகிறார்கள். மற்றவர் மதிப்பீட்டுக்கு அஞ்சுகிறவருக்கு எதிரே ஒருவர் இல்லாதபோதும் அந்த மதிப்பீடு நடந்துகொண்டே இருக்கிறது.

நான்கு மணி விழிப்புக்கு உடல் சார்ந்த விளக்கமும் இருக்கிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. தெளிவான கனவுகள் அதிகம் வருவது விழிகள் வேகமாக அசையும் கட்டத்தில், அந்தக் கட்டம் விடியல் நெருங்க நெருங்க நீள்கிறது. அப்போது உடல் தசைகள் தளர்ந்து கிடக்கும். குரல் எழும்பாத அனுபவத்துக்கு அதுவும் ஒரு பங்கு அளிக்கலாம். விழித்தபின் எஞ்சும் குற்ற உணர்வு, கனவில் கிளம்பிய உணர்ச்சி இன்னும் அடங்காததால் நிற்பது. அதை நினைவு என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

சிகிச்சைக்கு முன் சிலவற்றைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். புதிதாக ஏதும் மாத்திரை தொடங்கியிருக்கிறாரா என்பது முதல் கேள்வி. படபடப்புக்குக் கொடுக்கப்படும் புரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகளும் மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் கெட்ட கனவைக் கூட்டலாம். அப்படியிருந்தால் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும். குடியை நிறுத்திய முதல் வாரங்களிலும் கனவு பெருகும். குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தால் அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். கனவில் செய்வதைப் படுக்கையில் கை காலை வீசி நிஜமாகவே செய்தால், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பகலில் அந்த நம்பிக்கை எப்படி இருக்கிறது என்பது. "கனவு பயமுறுத்துது, ஆனா நான் எடுக்கலன்னு தெரியும்" என்றால் ஒன்று. "நான் நிஜமாவே எடுத்திருக்கணும், எனக்குத் தண்டனை வேணும்" என்று பகலிலும் உறுதியாகச் சொன்னால், பசி போய், எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலை விழிப்பும் சேர்ந்திருந்தால், அது கடும் மனச்சோர்வாக இருக்கலாம். கனவுப் பயிற்சி அதற்குப் போதாது, மனநல மருத்துவர் தாமதமில்லாமல் பார்க்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

விடியற்காலை விழிப்பைத் தவிர இவரிடம் இவை எதுவும் இல்லை. பகலில் தெளிவாக இருந்தார். ஆனால் இரண்டு பழக்கங்கள் ஒட்டியிருந்தன. தினமும் படுக்கும்முன் கணவரிடம், "நான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்பார். அலுவலகத்தில் பெட்டகத்தைப் பூட்டும்முன் பைகளை மூன்று முறை எண்ணுவார். விதிப்படி ஒரு முறை எண்ணி, கூட இருப்பவர் ஒப்பமிட்டால் போதும்.

முதல் இரண்டு வாரம் குறிப்பேடு மட்டும். காலையில் மூன்றே வரி: கனவு வந்ததா, பயம் பத்துக்கு எத்தனை, திரும்பத் தூங்க எவ்வளவு நேரம். கனவை விரிவாக எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். நடு இரவில் விளக்கைப் போட்டு இரண்டு பக்கம் எழுதுகிறவர்கள் அந்தக் காட்சியை மறுபடி ஒத்திகை பார்க்கிறார்கள். வாரத்துக்கு நான்கு முறை, பயம் எட்டு என்று கணக்கு வந்தது.

மூன்றாம் வாரம் காட்சி ஒத்திகைச் சிகிச்சையைத் தொடங்கினோம். அமெரிக்கத் தூக்க மருத்துவர் பேரி க்ராகோவும் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளுக்கு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2018-இல் பரிந்துரைத்த முறையும் இதுதான். முறை இப்படி: விழித்திருக்கும்போது கனவை ஒரு முறை சுருக்கமாக எழுதி, ஏதாவது ஓர் இடத்தில் தன் விருப்பப்படி மாற்றி, மாற்றிய வடிவத்தை மட்டும் தினம் பகலில் பத்து முதல் இருபது நிமிடம் கண்ணை மூடி மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பழைய வடிவத்தைத் தொடுவதில்லை. புதிய கனவு அப்படியே இரவில் வர வேண்டும் என்பதில்லை, பெரும்பாலும் வராது. பழையதன் பிடி தளர்வதுதான் நோக்கம்.

எந்த இடத்தில் மாற்றுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இவர் எழுதி வந்த முதல் வடிவத்தில் ஒரு வழக்கறிஞர் எழுந்து, கையெழுத்து போலி என்று நிரூபித்து, நீதிபதி விடுதலை செய்கிறார். படிக்கத் திருப்தியாக இருந்தது. பத்து நாள் ஒத்திகைக்குப் பின் கனவில் வழக்கறிஞர் வந்தார், எதிரே இரண்டு சாட்சிகள் கூடுதலாக வந்தார்கள். கனவின் எண்ணிக்கை வாரம் ஐந்தானது. இது அடிக்கடி நடக்கிறது. அந்த விசாரணைக்கு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்டு அதற்குள்ளேயே வாதாடும்போது, மனம் எதிர்வாதத்தையும் தானே தயாரிக்கிறது. சம்பந்தமே இல்லாத கூடத்தில் நின்று நிரூபித்துக்கொண்டிருக்கிறவருக்கு நிரூபணம் ஒருநாளும் போதுமானதாகத் தெரியாது.

இதே காரணத்தால் இன்னொரு நல்ல முறையையும் இங்கே தள்ளி வைத்தோம். பிரேசிலைச் சேர்ந்த மனநல மருத்துவர் இரிஸ்மார் ரெய்ஸ் டி ஒலிவேரா, தன்னைத் தானே குற்றம் சாட்டும் எண்ணங்களுக்காக ஒரு வழக்காடு முறையை வகுத்திருக்கிறார். சிகிச்சைக்கு வருபவரே மாறி மாறி அரசு வழக்கறிஞராகவும் எதிர்த்தரப்பு வழக்கறிஞராகவும் நடுவராகவும் உட்கார்ந்து பேச வேண்டும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது போன்ற பகல் நேர நம்பிக்கைக்கு அது பொருத்தமானது. நீதிமன்றமே கெட்ட கனவாக இருப்பவரிடம், கனவின் பிடி தளர்வதற்கு முன் அதைத் தொடங்குவது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

இரண்டாம் வடிவத்தில் மாற்றத்தை முன்னால் கொண்டுபோனோம், கூண்டில் ஏறுவதற்கு முன்பே. தபேதார் மூன்றாவது முறை செல்லப் பெயரில் கூப்பிடுகிறார். இவர் நகராமல் கேட்கிறார்: "ரெக்கார்டுல என் முழுப் பேர் இருக்கா? குற்றப்பத்திரிகை நகல் குடுங்க." தபேதார் கட்டைப் புரட்டுகிறார், அப்படி ஒரு வழக்கே இல்லை. இவர் படியிறங்கி, நீதிமன்ற வாசலில் உள்ள கடையில் டீ குடிக்கிறார். கண்ணாடித் தம்ளரின் சூடு, பக்கத்தில் டைப் அடிக்கும் சத்தம், வெயில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னோம். புலன்களில் படும்படி எழுதாவிட்டால் ஒத்திகை வெறும் வாக்கியமாக நின்றுவிடும். மாற்றத்தை அவரேதான் எழுதினார். ஆலோசகர் எழுதிக் கொடுக்கும் முடிவு ஒட்டுவதில்லை.

ஒத்திகை நேரம் மதியம் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம். படுக்கும் நேரத்தில் வேண்டாம் என்பதில் கண்டிப்பாக இருந்தோம், படுக்கையில் நீதிமன்றத்தை நினைக்கத் தொடங்கினால் அது பழைய பாதையிலேயே போய்விடும். இரவில் விழித்தால் செய்ய வேண்டியது தனி: எழுந்து உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றுவது, சிறு விளக்கைப் போடுவது, "இது கனவின் மிச்சம், அடங்கும்" என்று ஒரு முறை சொல்வது. "நான் எடுத்தேனா இல்லையா" என்ற விவாதத்தை அந்த நேரத்தில் தொடங்குவதில்லை. இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் வேறு அறையில் உட்கார்ந்துவிட்டு வருவது.

கூடவே பகல் பழக்கங்களையும் தொட்டோம். கணவரிடம் ஒரு விடை பேசி வைத்தோம். அவர் இனிமேல் "தெரியும், தெரியும்" என்று சமாதானம் சொல்வதில்லை. "இத ராத்திரி பேச வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்று மட்டும் சொல்வார். முதல் வாரம் இருவருக்குமே கஷ்டமாக இருந்தது, மனைவி அழும்போது கணவருக்கு அந்த வரியைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சமாதானமும் மறுநாள் இரவு வரைதான் தாங்கியது என்பதைக் குறிப்பேட்டில் பார்த்தபின் ஒப்புக்கொண்டார். பை எண்ணுவது மூன்றிலிருந்து இரண்டாகி, பிறகு ஒன்றானது.

தணிக்கை விஷயத்தில் ஒரே ஒரு நிஜ வேலை பாக்கி இருந்தது. தன் மீது எந்த நடவடிக்கையும் நிலுவையில் இல்லை என்று எழுதித் தரும்படி சங்கச் செயலாளருக்கு மனுக் கொடுத்தார், கடிதம் வந்தது. இதையும் ஒரு முறைதான் செய்ய வேண்டும். வந்த கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, இரவில் எடுத்துப் பார்ப்பதில்லை என்றும் பேசிக்கொண்டோம். ஆதாரத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதும், கணவரிடம் கேட்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு வடிவங்கள்.

ஆறாம் வாரம் கனவு வாரத்துக்கு ஒன்று, பயம் நான்கு. பத்தாம் வாரத்துக்குள் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. டீக்கடை ஒருநாளும் கனவில் வரவில்லை. நடுவில் ஒரு முறை வராந்தா மட்டும் வந்தது, கூப்பிடும் சத்தம் இல்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டோம். பந்தியில் கேட்ட சித்தியை ஒரு சீமந்தத்தில் மறுபடி பார்த்தபோது, ஒளிந்துகொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்ததையும் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். தணிக்கையைப் பற்றிச் சித்தி ஒன்றும் கேட்கவில்லை, இவரும் விளக்கம் கொடுக்கவில்லை.

அடுத்த தணிக்கை மாதத்தில் கனவு திரும்ப வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம், வந்தது, இரண்டு முறை. ஒத்திகையை ஒரு வாரம் மறுபடி செய்தார், போதுமானதாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பகலிலும் சந்தேகம் தொற்றினாலோ வரச் சொல்லியிருக்கிறோம்.

நிஜமாகவே வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்களுடைய கனவில் நிஜக் கேள்விகளும் கலந்திருக்கும்: வாய்தா எப்போது, ஜாமீன் நிபந்தனை என்ன, என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது. அவற்றுக்கு விடை வழக்கறிஞரிடம்தான் இருக்கிறது, முதலில் அங்கே போக வேண்டும். வாய்தாவுக்கு முந்தின வாரம் கனவு கூடுவது இயல்பு, அந்த வாரம் புதிய ஒத்திகை எதையும் தொடங்குவதில்லை. "வழக்கே இல்லை" என்று முடியும் வடிவம் அவர்களுக்குப் பொய்யாகப் படும், ஒட்டாது. அவர்கள் மாற்ற வேண்டியது ஒரே ஓர் இடம், கூண்டில் தனியாக நிற்கும் இடம். பக்கத்தில் வழக்கறிஞர் நிற்பதாக, தான் பேசாமல் இருக்க உரிமை உள்ளதாக, அடுத்த தேதி குறிக்கப்பட்டு வெளியே வந்து வீட்டுக்குப் பேருந்து ஏறுவதாக எழுதலாம்.